விற்ற பணம் யாருக்கு?

முதலீட்டாளர் அனுப்பும் டெர்ம் ஷீட் சில பக்கங்கள்தான் இருக்கும். அதைப் பிரித்ததும் நிறுவனரின் கண் வேல்யூவேஷனைத் தேடும். அந்த எண் பெரிதாக இருந்தால் மற்ற பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கம்பெனி கைமாறும் நாளில் நிறுவனருக்கு என்ன மிஞ்சும் என்பது அந்தப் பக்கங்களில்தான் எழுதியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பெனியின் மதிப்பு 30 கோடி ரூபாய் என்று பேசி, முதலீட்டாளர் 10 கோடி போடுகிறார். மொத்தம் 40 கோடி. அவருக்கு 25 சதவீதம், நிறுவனர்களுக்கு 75. நம் நாட்டில் இந்தப் பங்குகள் பெரும்பாலும் கட்டாயம் ஈக்விட்டியாக மாறவேண்டிய முன்னுரிமைப் பங்குகளாகவே கொடுக்கப்படுகின்றன. அந்த முன்னுரிமையின் பெயர்தான் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்.

பெயரைப் பார்த்து, கம்பெனி திவாலானால் மட்டும் வரும் சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனியை விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, முக்கியச் சொத்துகளைக் கைமாற்றுவது எல்லாமே பொதுவாக 'லிக்விடேஷன்' என்ற வரையறைக்குள் வந்துவிடும்.

சில வருடம் கழித்து கம்பெனி 20 கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷரத்தில் '1x நான்-பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தால், முதலீட்டாளர் போட்ட 10 கோடியை எடுக்கலாம். அல்லது பங்கை ஈக்விட்டியாக மாற்றி 25 சதவீதமான 5 கோடியை எடுக்கலாம். 10 கோடியைத்தான் எடுப்பார். மீதி 10 கோடி நிறுவனர்களுக்கு. இது நியாயமான ஏற்பாடு; போட்ட பணம் முதலில் திரும்பவேண்டும் என்று அவர் கேட்பதில் தப்பில்லை.

அதே இடத்தில் 'பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தால், 10 கோடியை எடுத்த பிறகு மீதியிலும் 25 சதவீதம் கேட்பார். அவருக்கு 12.5 கோடி, நிறுவனர்களுக்கு 7.5 கோடி. நல்ல விலைக்கு விற்றாலும் இந்தச் சுமை போகாது. 60 கோடிக்கு விற்றால் முதல் வகையில் அவருக்கு 15 கோடி, இரண்டாவது வகையில் 22.5 கோடி. '2x நான்-பார்ட்டிசிபேட்டிங்' என்றால் 20 கோடி விற்பனையில் நிறுவனர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

அடுத்தது ஆன்ட்டி-டைல்யூஷன். பின்னால் குறைந்த விலையில் பங்கு வெளியிட்டால் பழைய முதலீட்டாளருக்கு ஈடு கொடுக்கும் ஷரத்து இது. நம் கம்பெனியில் 4 லட்சம் பங்குகள், ஒன்று 1,000 ரூபாய். 3 லட்சம் நிறுவனர்களுடையது. காலம் சரியில்லாமல், அடுத்த முதலீட்டாளர் 500 ரூபாய் விலையில் 5 கோடி போடுகிறார். அவருக்கு 1 லட்சம் பங்கு. 'ஃபுல் ராட்செட்' இருந்தால், பழையவரும் 500 ரூபாய்க்கே வாங்கியதாகக் கணக்காகி அவருடைய 1 லட்சம் 2 லட்சமாகிவிடும். நிறுவனர்களின் பங்கு 50 சதவீதத்துக்கு இறங்கும். 'பிராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்' என்றால், எத்தனை பங்கு குறைந்த விலைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதால் அவருடைய விலை 900 ரூபாயாகத்தான் குறையும். நிறுவனர்களிடம் ஏறக்குறைய 58.7 சதவீதம் நிற்கும்.

ஃபுல் ராட்செட்டின் ஆபத்து சின்னத் தொகையில்தான் நன்றாகத் தெரியும். அவசரத்துக்கு ஒருவரிடம் 500 ரூபாய் விலையில் வெறும் 5 லட்சம் வாங்கினாலும் பழையவரின் பங்கு இரட்டிப்பாகும். நிறுவனர்களின் 75 சதவீதம் 60-க்கு வந்துவிடும். ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஈசாப் பங்குகளுக்கு விதிவிலக்கு எழுதாவிட்டால் அதுவே இந்த ஷரத்தைத் தூண்டிவிடக்கூடும்.

பெரிய கம்பெனிகளும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் ஸ்கொயர் 2015-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது விலை 9 டாலர். கடைசிச் சுற்றில் 15.46 டாலருக்கு வாங்கியவர்களுக்கு ஐபிஓவில் 20 சதவீத லாபம் உறுதி என்று ராட்செட் எழுதியிருந்ததால், சுமார் 9.3 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கூடுதலாகக் கொடுக்கவேண்டி வந்தது. மற்ற பங்குதாரர்களின் பங்குதான் அந்த அளவுக்குக் கரைந்தது.

டெர்ம் ஷீட் பொதுவாகச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதிலேயே, குறிப்பிட்ட நாள்வரை வேறு முதலீட்டாளரிடம் பேசமாட்டோம் என்ற ஷரத்து மட்டும் பெரும்பாலும் கட்டுப்படுத்தும். போட்டிக்கு ஆள் இல்லாத அந்த நாட்களில் எதைப் பேரம் பேச முடியும்? அதனால் கையெழுத்துக்கு முன்பே ஒரு எக்செல் தாளில் 20, 40, 60 கோடி என்று மூன்று விற்பனை விலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள். பிறகு, முதலீட்டு ஒப்பந்தங்களில் பழகிய வக்கீலிடம் அந்தத் தாளோடு போய் உட்காருங்கள்.