கற்றாழை மடலுக்குள் இரு மருந்துகள்

ஈரமும் குளிரும் மிகுந்த நல்லதண்ணிப் பகுதியில் கற்றாழை தானாகச் செழிக்கும் செடியன்று. லயத்து வாசலில், பழைய தகரப் பேணியிலோ உடைந்த வாளியிலோ வைத்து, வேர் அழுகிவிடாமல் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டியதாகும். மலச்சிக்கலுக்கும் அடுப்பில் சுட்ட கைக்கும் அதே மடலையே நம்மவர்கள் ஒடித்தெடுக்கின்றனர். இவ்விரு வழக்கங்களிலும் உண்மை உண்டு. ஆனால் அவை ஒரே பொருளின் வேலையல்ல.

மடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இது விளங்கும். பச்சைத் தோலுக்குச் சற்றே உட்புறமாக, நீரைக் கடத்தும் குழாய்களை ஒட்டிய கலங்களிலிருந்து மஞ்சள் நிறமான கசப்புப் பால் வடியும். அதற்கும் உள்ளே இருப்பது நிறமற்ற, வழுவழுப்பான சோறு. இரண்டுக்கும் இடையே இருப்பது மயிரிழைத் தூரமே.

மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுகச் செய்ததே நமது நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கரியபோளம். மூசாம்பரம் என்பதும் இதுவே. இதிலுள்ள அலோயின், அந்திராகுயினோன் வகையைச் சேர்ந்தது. சர்க்கரை மூலக்கூறு ஒன்றுடன் பிணைந்திருப்பதால், இது இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாற்றமின்றிக் கடந்து சென்றுவிடுகின்றது. பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் பற்றீரியாக்கள் அப்பிணைப்பை அறுக்கின்றன. விடுபடும் பொருள் குடற்சுவரைத் தூண்டி அசைவை விரைவாக்குவதுடன், மலத்திலுள்ள நீரைக் குடல் மீள உறிஞ்சுவதையும் தடுக்கின்றது. இரவில் உட்கொண்டது காலையில் வேலை செய்வது இதனாலேயே. யூனானி மருத்துவத்தின் மூலம் முஸ்லிம் மக்கள் நன்கறிந்த சனாமக்கியும் ஏறத்தாழ இதே வழியில்தான் செயற்படுகின்றது.

பற்றீரியாக்களின் தொகை ஆளுக்காள் வேறுபடும். மடலிலுள்ள பாலின் அளவும் செடிக்குச் செடி வேறுபடும். எனவே ஒருவருக்கு இதமாகக் கழியச் செய்த அளவு, இன்னொருவருக்குத் தாங்கொணா வயிற்று முறுக்கையும் பேதியையும் தரலாம். பேதி நீடித்தால் உடலிலுள்ள பொற்றாசியம் குறைந்து, தசைகள் தளர்ந்து, இதயத் துடிப்பும் தடுமாறும். இருதய நோய்க்கு டிஜொக்சின் எடுப்போரும், நீர் கழியச் செய்யும் மாத்திரை எடுப்போரும் இதனைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுவர்களும் அவ்வாறே. அமெரிக்காவில், பாதுகாப்பை நிரூபிக்கும் தரவுகள் வழங்கப்படாமையால், மருத்துவரின் சீட்டின்றி விற்கப்பட்ட பேதி மருந்துகளில் கற்றாழைப் பால் இடம்பெறுவதை 2002இல் அந்நாட்டு அரசு நிறுத்தியது. "இயற்கையானது" என்பதால் முழு மடலையும் தோலுடன் அரைத்து நாள்தோறும் பருகுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

உட்சோற்றின் கதை வேறு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதில் முக்கியமானது அசிமனான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இது தோலின்மீது ஈரப் படலமாகப் படிந்து, எரிச்சலைத் தணித்து, புதுத் தோல் வளரத் துணை செய்கின்றது. தாய்லாந்து ஆய்வாளர்கள் 371 நோயாளிகளைக் கொண்ட நான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007இல் ஆராய்ந்தபோது, மேலோட்டமான தீப்புண்கள் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் முன்னதாகவே ஆறியமை தெரியவந்தது. ஆய்வுகள் சிறியவை, ஒன்றுபோலவும் அமையவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

அதிகாலையில் கொழுந்துக்குப் புறப்படும் அவசரத்தில் தாயொருவரின் முன்கையில் தேநீருக்கான கொதிநீர் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வேண்டியது கற்றாழையன்று, பீலித் தண்ணீர். காப்பை உடனே கழற்றிவிட்டு, இருபது நிமிடங்கள் ஓடும் நீரில் கையைப் பிடிக்க வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ வேண்டாம். (சுட்டது கைக்குழந்தையாயின், மலைநீரின் குளிரில் உடல் விறைக்காதபடி ஏனைய பாகத்தைப் போர்த்திவைத்தல் அவசியம்.) அதற்கிடையில் மற்றொருவர் மடலை அடியில் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்க, கால் மணி நேரம் சாய்த்து வைக்கலாம். மஞ்சள் பால் வடிந்தபின் முள் விளிம்பைச் சீவி, தோலைத் தடிப்பாக அகற்றி, சோற்றைச் சுத்தமான நீரில் பலமுறை அலச வேண்டும். ஏழு தடவை கழுவ வேண்டும் என்று நம் பாட்டிமார் கூறியது வீண் சடங்கல்ல. கழுவிய துண்டில் மஞ்சள் சாயல் எஞ்சியிருந்தாலோ, நாவில் தொட்டால் கசந்தாலோ பால் இன்னும் போகவில்லை. அது தோலையும் உறுத்தும்.

தோல் சிவந்து, கிழியாமல் இருந்தால் மாத்திரமே இச்சோற்றைத் தடவலாம். வீட்டில் வெட்டியது கிருமி நீக்கப்பட்டதன்று. உடைந்த கொப்புளத்தில் இட்டால் புண் சீழ்ப்பிடிக்கக்கூடும். சுட்ட இடம் உள்ளங்கையைவிடப் பெரிதாயினும், முகத்திலோ மூட்டிலோ இருப்பினும், வெண்மையாகிச் சுரணையற்றுப் போயினும், சுட்டது குழந்தையாயினும், சுத்தமான துணியால் மூடி மஸ்கெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலி இல்லையே என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. ஆழமாகச் சுட்ட இடத்தில் நரம்பும் வெந்துவிடுவதால் வலி தெரியாது.