‘ஏன் எடுக்கலீங்க?’ என்று கேட்டால் பதில் வராது

‘பார்த்துட்டுச் சொல்றோமுங்க.’ கோவையில் வேலை தேடியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது கொங்கு வட்டாரத்தின் மரியாதைக்கு ஒத்து வராது. பீளமேட்டு பம்ப்செட் கம்பெனியானாலும் சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகமானாலும், மறுப்பு இப்படித்தான் வரும், அல்லது வராமலே போகும். பிறகு ‘என்னை ஏன் எடுக்கவில்லை? ஃபீட்பேக் கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் போனால், ‘உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்று ஒரு வரி வரும். பலருக்கு அதுவும் வராது. கம்பெனிகளுக்குத் திமிர் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது.

இதைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரசுத் துறையிலும் பல்கலைக்கழகத்திலும் பத்து ரூபாய் கட்டித் தகவல் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தரவேண்டும். மதிப்பிட்ட விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் பார்க்கலாம் என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேர்முகத் தேர்வின் மதிப்பெண் விவரத்தைத் தரலாம், மதிப்பிட்டவர் பெயரைத் தர வேண்டியதில்லை என்று 2016-இல் கேரள தேர்வாணைய வழக்கில் சொன்னது. (எல்லாத் தேர்வுக்கும் கதவு இப்படித் திறந்துவிடவில்லை. குடிமைப் பணித் தேர்வு மதிப்பெண்களை வெளியிடச் சொன்ன உத்தரவை 2018-இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது.) ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்குச் சட்டத்திலும் எளிதில் இடமில்லை. 2008-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு, செல்சா பிண்டோ வழக்கில், ஏன் செய்தீர்கள் என்பது தகவல் கேட்பதல்ல, செய்ததற்கு நியாயம் கேட்பது என்று பிரித்துக் காட்டியது. பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரியே நியாயம் சொல்ல வேண்டியதில்லை என்னும்போது, எந்தக் கடமையும் இல்லாத தனியார் கம்பெனி மேலாளர் ஏன் சொல்லப் போகிறார்?

அவருக்குப் பயமும் உண்டு. எழுதிக் கொடுத்தால் ஸ்க்ரீன்ஷாட் சுற்றும், வாக்குவாதம் வரும், ‘அவருக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள்’ என்ற அடுத்த கேள்வி வரும். கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லத் தயங்குவது மனித இயல்பு என்பதை ரோசன், டெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1970-இலேயே சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். ஆக, பதில் வரவேண்டுமென்றால் அவருடைய முடிவைத் தொடாத கேள்வி வேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குத் துணை வருகிறது. ஒரே வேலை விண்ணப்பக் கடிதத்தைச் சிலரிடம் கொடுத்து ஃபீட்பேக் கேட்டார்கள், வேறு சிலரிடம் ஆலோசனை கேட்டார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர்கள் திருத்த வேண்டிய இடங்களை 34 சதவீதம் அதிகமாகச் சுட்டினார்கள். ஃபீட்பேக் என்றதும் மனம் நடந்ததற்கு மார்க் போடுகிறது, ஆலோசனை என்றதும் இனி நடக்கப் போவதைப் பார்க்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆனால் அந்தச் சோதனையில் யாரும் யாரையும் நிராகரித்திருக்கவில்லை. நிராகரித்தவரிடமே கேட்கும்போது இன்னும் கொஞ்சம் வேலை தேவைப்படுகிறது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் முடித்த ஒருவர் பம்ப் தயாரிக்கும் கம்பெனிக்கு டிசைன் என்ஜினீயர் வேலைக்குப் போகிறார். ஷாஃப்ட் டிராயிங்கைக் காட்டி, பேரிங் உட்காருமிடத்துக்கு என்ன டாலரன்ஸ் போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். g6 என்கிறார். அது லூஸாக உட்காரும் அளவு. சுழலும் ஷாஃப்டில் பேரிங்கின் உள்வளையம் மெல்ல நழுவிச் சுற்றி ஷாஃப்டைத் தேய்த்துவிடும். அங்கே k6 போன்ற இறுக்கமான அளவுதான் வழக்கம். வேலை கிடைக்கவில்லை. முடிவு வந்த பிறகு, ஒரு வாரத்துக்குள் அவர் அனுப்பக்கூடிய செய்தி இது:

‘வணக்கம் சார். செவ்வாய்க்கிழமை டிசைன் என்ஜினீயர் இண்டர்வியூவுக்கு வந்திருந்தேன். முடிவு தெரிந்தது, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேரிங் டாலரன்ஸ் கேட்டபோது g6 என்று சொன்னேன், பிறகு பார்த்தபோது k6 என்று புரிந்தது. இதே மாதிரி வேலைக்கு அடுத்து போவதற்கு முன் நான் முதலில் சரிசெய்ய வேண்டியது ஃபிட்ஸ் டாலரன்ஸா, காஸ்டிங் பற்றிய அறிவா, இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா? ஒரு வரி போதுமுங்க. நேரமில்லையென்றாலும் பரவாயில்லை.’

இதில் கிழமையும் பதவியும் இருப்பதால் இருபது பேரைப் பார்த்தவருக்கு ஆள் நினைவுக்கு வரும். வழக்காட வரவில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். தன் தவறைத் தானே சொல்லிவிட்டதால் கெட்ட செய்தியை முதலில் உடைக்கும் சங்கடம் அவருக்கு இல்லை, ‘ஆமாம், அதுதான்’ என்று சொன்னால் போதும். இரண்டு தெரிவுகளைக் கொடுப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சோம்பலில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். ‘வேறு ஏதாவதா’ என்ற மூன்றாவது கதவு அதற்காகத்தான். உண்மையான காரணம் பல நேரம் அந்த வழியாகத்தான் வரும்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஹெச்.ஆர். கையில் பெரும்பாலும் ‘தேர்வாகவில்லை’ என்ற குறிப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. காரணம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவருக்குத்தான் தெரியும். சிறு, நடுத்தரப் பட்டறைகளில் முதலாளியோ பிளாண்ட் மேனேஜரோதான் இண்டர்வியூ செய்கிறார்கள், நம்பரும் பெரும்பாலும் கையில் இருக்கும். பெரிய ஐ.டி. கம்பெனியில் குழுவினரைத் தனியாகத் தேடிப் பிடித்து எழுதுவது அத்துமீறலாகத் தெரியும். அங்கே ஹெச்.ஆருக்கே எழுதி, டெக்னிக்கல் சுற்று எடுத்தவருக்கு அனுப்பி வைக்கக் கேட்பதே முறை. ஆயிரம் பேர் வரும் கேம்பஸ் தேர்வின் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே கட்-ஆஃப் மட்டும்தான் பேசியது, உங்களைப் பற்றிக் கருத்து வைத்திருப்பவர் யாரும் இல்லை.

‘இதெல்லாம் கண்துடைப்பு. ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் இண்டர்வியூ வைக்கிறாங்க’ என்று சொல்பவர்கள் உண்டு. சொந்தக்காரர், சிபாரிசு, சம்பளம் ஒத்து வராதது என்று காரணம் வேறாக இருக்கும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே எப்படிக் கேட்டாலும் உண்மை வராது, பொய்க் காரணம்தான் வரும். அதனால் கேட்பதைவிடக் கவனம் தேவைப்படுவது பதிலைப் படிப்பதில். அந்த இண்டர்வியூவில் மட்டும் நடந்த ஒன்றைப் பதில் தொடுகிறதா என்று பாருங்கள். ‘அனுபவம் இன்னும் வேணும்’, ‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ‘டிராயிங்கைப் பார்த்து நீங்க பேசவே இல்லை, என்ன யோசிக்கிறீங்கன்னு எங்களுக்குத் தெரியலை’ என்பது உங்களுக்கே எழுதியது, கம்யூனிகேஷன் என்ற மூடிய சொல்லுக்குள் பல நேரம் இருப்பதும் இதுதான்.

எந்தப் பதில் வந்தாலும் நன்றி மட்டும் சொல்லுங்கள். ‘ஆனா சார், நான் அப்படிச் சொல்லலையே’ என்று ஒரு வரி போனால், அடுத்து எழுதுபவருக்கும் சேர்த்து அவர் கதவைச் சாத்திவிடுவார். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம். வந்த ஒரே பதிலை நம்பிக் காந்திபுரத்தில் அறுபதாயிரம் கட்டி CAD கோர்ஸில் சேருவதும் அவசரம்தான். வேறொரு கம்பெனியில் வேறொருவரும் அதே இடத்தைத் தொட்டுச் சொன்ன பிறகு பணம் கட்டலாம்.