குனிய வைக்கும் காய்ச்சல்

முந்தின நாள் மாலை வரை எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மாவு கரைத்து வைத்துவிட்டுப் படுத்த ஐம்பது வயது அம்மா ஒருவர், விடிகாலையில் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவார். கணுக்கால் இரண்டும் குத்தும். மணிக்கட்டு மடங்காது. டம்ளரைப் பிடிக்க விரல் மூடாது. உடம்பு அனலாய்க் கொதிக்கும். தெர்மாமீட்டர் 103 டிகிரி காட்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று நோயாளியே சொல்ல முடிகிற அளவுக்குத் திடீரென்று வரும் காய்ச்சல் இது. சிக்குன்குனியா பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது.

1952-ல் அன்றைய தங்கனீகாவில், இன்றைய தான்சானியாவில், மகோண்டே பீடபூமி முழுக்க இந்தக் காய்ச்சல் பரவியது. மூட்டு வலியில் உடம்பு வளைந்துபோன நோயாளிகளைப் பார்த்து, 'வளைந்துபோவது' என்று பொருள்படும் சொல்லால் அந்த மக்கள் நோய்க்குப் பெயரிட்டார்கள். 2006-ல் தமிழ்நாட்டில் அது பரவியபோது, பெயரின் முதல் பாதியைக் கேட்டுக் கோழிக்கறியால் வருகிறது என்று பலர் பயந்தார்கள். கோழிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரின் பின் பாதிதான் தமிழ்க் காதுக்குத் தற்செயலாக உண்மையைச் சொல்கிறது. ஆளைக் குனிய வைக்கும் நோய்தான் இது.

அது நமக்குப் புதிய நோயும் அல்ல. 1964-லேயே சென்னையிலும் வேலூரிலும் பரவியிருக்கிறது. 1973-க்குப் பிறகு இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய ஓசையே இல்லை. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. 2005 இறுதியில் வைரஸ் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. ஒரே வீட்டில் நான்கு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த காட்சியை அந்த ஆண்டைக் கண்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

கொசு கடித்த பிறகு வழக்கமாக மூன்று முதல் ஏழு நாள் வரை உடம்பில் எந்த அடையாளமும் தெரியாது. அதற்குள் வைரஸ் ரத்தத்தில் பெருகி, தசைக்கும் மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே அதை அழிக்க உடம்பு தன் படையைக் குவிக்கிறது. வீக்கமும் வெப்பமும் வலியும் அந்தப் போராட்டத்தின் விளைவு. அதனால்தான் வைரஸ் ரத்தத்தை விட்டுப் போய், காய்ச்சல் இறங்கிய பிறகும், சிலருக்கு மூட்டு மட்டும் வாரக்கணக்கில் அடங்காமல் கிடக்கிறது. வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் என்று பரவும். காலையில் விறைப்பு கூடுதலாக இருக்கும்.

டெங்குவிலும் உடம்பு வலிக்கும். ஆனால் அந்த வலியின் இடம் வேறு. கண்ணுக்குப் பின்னால், இடுப்பில், தசையில், எலும்புக்குள் வலிக்கிறது என்பார்கள். மூட்டு வீங்குவது அரிது. டெங்குவின் உண்மையான ஆபத்து வலியில் இல்லை, ரத்த நாளங்களில் இருக்கிறது. மிக நுண்ணிய குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. ரத்தம் கெட்டியாகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கி, 'அப்பாடா, தேறிவிட்டார்' என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில்தான் வருகிறது.

சிக்குன்குனியா உயிரைப் பறிப்பது அரிது, அவஸ்தை நீளம். டெங்கு பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் சிலரை ஆபத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகும். புத்தகத்தில் படிக்கும்போது இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. முதல் மூன்று நாளில் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்துச் சொல்வதோ அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம். இரண்டையும் பரப்புவது ஏடிஸ் என்ற ஒரே கொசு. ஒரே தெருவில் இரண்டும் சேர்ந்தே திரியும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

வீடுகளில் பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். அம்மா வலியில் அழுகிறார். மகன் மருந்துக்கடைக்கு ஓடி, "நல்லா வலி குறையிற மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்கிறார். கடைக்காரர் தரும் அட்டையில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கிறது. அவர் மீதும் முழுப் பழி போட முடியாது. மூட்டு வலிக்கு ஊரே கேட்டு வாங்கும் மாத்திரை அது. ஆனால் இந்த வகை மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும், வயிற்றுக்குள் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய். ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் இதே வரிசைதான். சில அட்டைகளில் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தே அடைத்திருப்பார்கள். ஆகவே அட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படிக்காமல் விழுங்கக் கூடாது. 'ஒரே ஊசியில் எழுப்பிவிடும்' ஸ்டீராய்டும் இந்த நாட்களில் வேண்டாம். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டெங்கு இல்லை என்று தெளியும் வரை வீட்டில் கொடுக்கத்தக்க மாத்திரை வெறும் பாராசிட்டமால் ஒன்றுதான். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படும். கல்லீரல் நோயாளிகளும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. இந்த மாத்திரை வலியை முழுக்கப் போக்காது, தாங்கும்படி செய்யும், அவ்வளவே. அதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், நள்ளிரவில் வேறு மாத்திரை தேடும் பதற்றம் வராது.

ரத்தப் பரிசோதனைக்கும் நாள் கணக்கு உண்டு. முதல் ஐந்து நாளில் டெங்குவுக்கு என்எஸ்1 பரிசோதனை உதவும். சிக்குன்குனியாவுக்கான ஐஜிஎம் பரிசோதனையை இரண்டாம் நாளே எடுத்தால் 'இல்லை' என்று வரலாம். உடம்பு அந்த எதிர்ப்பொருளை உருவாக்க ஐந்தாறு நாள் ஆகும். எனவே சீக்கிரம் எடுத்த பரிசோதனையில் 'இல்லை' என்று வந்ததை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. காய்ச்சல் நாட்களில் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது அவசியம். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் ஹிமட்டோக்ரிட் அளவும் முக்கியம்.

இனி கட்டிலருகே. வலியில் இருப்பவர் தண்ணீர் குடிக்க மாட்டார். தாகம் இல்லாததால் அல்ல, எழுந்து கழிவறைக்குப் போவதற்குப் பயந்துதான். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கைப்பிடிக்க ஆள் நின்று, முடிந்தால் உட்கார்ந்து எழ வசதியான நாற்காலிக் கழிவறைக்கு ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் கரைசல் என்று நாளைக்கு இரண்டரை லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். இதயம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் இந்த அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் அது எச்சரிக்கை.

வீங்கிய மூட்டுக்கு இந்தக் கட்டத்தில் ஏற்றது குளிர்ச்சி. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம், நாளுக்குச் சில முறை. தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், சூடான ஒத்தடமும் நம் வீடுகளில் பழகிய கைவைத்தியம்தான். ஆனால் அனலாய் இருக்கும் மூட்டை அவை மேலும் கிளறிவிடும். முதல் சில நாள் நல்ல ஓய்வு தேவை. அதற்காக மரக்கட்டைபோல் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். படுத்தபடியே விரல்களை மெல்ல மடக்கி விரிப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை நீட்டி மடக்குவது, ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை, காலையும் மாலையும் போதும். சம்மணமிட்டு உட்காருவது, குடம் தூக்குவது, துணி பிழிவது ஆகியவற்றைச் சில வாரம் வேறு யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருக்க வேண்டும். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. அந்த வாரம் முழுக்க நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்துப் பேரனைக் கடித்தால் அடுத்த கட்டிலும் நிரம்பிவிடும். சிமென்ட் தொட்டியின் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கைகால் சில்லிட்டு ஆள் சோர்ந்து மயங்கினாலோ, காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே போக வேண்டும். பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் குழந்தைக்கும் தொற்றி, சில குழந்தைகளுக்கு மூளை வரை பாதிக்கும்.

காய்ச்சல் இறங்கிய பின் மூக்கின் மேல் கரும்படலம் படர்ந்தால் பயப்பட வேண்டாம். சிக்குன்குனியாவுக்குப் பின் பலருக்கும் வரும் நிறமாற்றம் அது, சில மாதத்தில் மங்கிவிடும். பெரும்பாலானோருக்கு மூட்டும் சில வாரங்களில் சரியாகும். நாற்பதைக் கடந்தவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்கள், தொடக்கத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு இழுத்துக்கொண்டே போகலாம். டெங்கு இல்லை என்று உறுதியான பிறகு மருத்துவர் வேறு வலி மாத்திரைகளைத் தரக்கூடும். மூன்று மாதம் கழித்தும் காலை விறைப்பும் வீக்கமும் நீடித்தால் மூட்டு நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடக்குவாதத்துக்கும் இதற்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால், பிரித்தறிந்துதான் சிகிச்சை தர முடியும்.

ஒருமுறை சிக்குன்குனியா வந்தவருக்கு அது மறுபடி வருவது அரிது. டெங்கு அப்படி அல்ல. அதில் நான்கு வகை வைரஸ்கள் உண்டு, இரண்டாம் முறை வருவது முதல் முறையைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்த மழைக்காலத்தில் அதே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், 'இது பழைய மூட்டுவலிதான்' என்று மீந்திருக்கும் வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் கொடுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.