இடம் பார்த்து வரிசை கட்டும் கார்டுகள்

ஆன்லைன் புத்தகக் கடை ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தால் புத்தகங்கள் வரிசைக்கு நான்காக நிற்கின்றன. அதே பக்கத்தைப் போனில் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடுகின்றன. அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர் பெயர், விலை எல்லாம் அடங்கிய அந்த ஒவ்வொரு கட்டத்தையும் வெப் டிசைனர்கள் கார்டு என்கிறார்கள். எத்தனை கார்டுகள் ஒரு வரிசையில் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது யார்?

பல வருடங்களாக அதை முடிவு செய்தது மீடியா குவெரி. 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க டிசைனர் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரே பக்கம் எல்லாத் திரைகளுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டிய கருவிகளில் ஒன்று இது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸில் நிபந்தனைகளை எழுதி வைப்பார்கள். திரையின் அகலம் 600 பிக்சலுக்கு மேல் என்றால் இரண்டு பத்தி, 768க்கு மேல் என்றால் மூன்று, 1024க்கு மேல் என்றால் நான்கு. பத்தி என்று சொல்வது செய்தித்தாளில் வருவதைப் போல மேலிருந்து கீழே இறங்கும் பத்தியைத்தான்.

இந்த முறை எங்கே சறுக்குகிறது என்று பார்க்க ஒரு டேப்லெட் போதும். அதை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 768 பிக்சல். மூன்று பத்தி என்ற நிபந்தனை வேலை செய்கிறது. ஆனால் நம் புத்தகக் கடையின் இடப்பக்கத்தில் நாவல், கவிதை, சமையல் என்று பிரிவுகளைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கிறது. அது 240 பிக்சலை எடுத்துக்கொள்கிறது. மீதி 528. அதில் இருபுறமும் 24 பிக்சல் ஓரம் விட்டால் கார்டுகளுக்குக் கிடைப்பது 480. இதை மூன்றாகப் பிரித்து, நடுவில் 16 பிக்சல் இடைவெளிகள் இரண்டையும் கழித்தால் ஒரு கார்டுக்கு 149 பிக்சல்தான். தலைப்பு ஐந்து வரியாக மடிந்து, விலை கார்டின் அடியில் நசுங்கிக் கிடக்கும். மீடியா குவெரி மேல் குற்றமில்லை. திரை எவ்வளவு அகலம் என்று அதைக் கேட்டோம், சரியாகச் சொன்னது. கார்டுகளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதைத்தான் நாம் கேட்கவே இல்லை.

2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் சி.எஸ்.எஸ். கிரிட்டைக் கொண்டுவந்தன. அதோடு அந்தக் கேள்வியைக் கேட்க வழி பிறந்தது.

```css
.books {
  display: grid;
  gap: 1rem;
  grid-template-columns:
    repeat(auto-fill, minmax(14rem, 1fr));
}
```

கடைசிச் சொற்றொடரில்தான் விஷயம் இருக்கிறது. `minmax(14rem, 1fr)` என்றால் ஒரு பத்தி 14 ரெம்முக்குக் கீழே போகக் கூடாது, மிச்சம் இருந்தால் சமபங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு. பிரவுசரில் வழக்கமாக அது 16 பிக்சல், ஆகவே 14 ரெம் என்பது 224 பிக்சல். `repeat(auto-fill, …)` என்றால் இப்படிப்பட்ட பத்திகள் எத்தனை கொள்ளுமோ அத்தனை போட்டுக்கொள் என்று பொருள். கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர் செய்வதும் இதுதான். ஓர் ஆள் உட்காரக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாயின் நீளத்தைப் பார்த்து எத்தனை இலை என்று கணக்கிட்டு, மிஞ்சும் இடத்தை எல்லாருக்கும் பரப்பி விடுவார்.

பிரவுசர் போடும் கணக்கை நாமும் கையால் போட்டுப் பார்க்கலாம். கிடைத்த இடம் 900 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார்டுக்கு 224, அதன் பக்கத்து இடைவெளி 16, ஆக 240. கடைசிக் கார்டுக்குப் பின்னால் இடைவெளி கிடையாது என்பதால் மொத்தத்தில் ஒரு 16ஐக் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். 916ஐ 240ஆல் வகுத்தால் மூன்று சொச்சம் வருகிறது. சொச்சத்தைத் தள்ளினால் மூன்று பத்தி. மூன்று கார்டும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து 704 பிக்சல். மிச்சம் 196. அதை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொரு கார்டும் ஏறக்குறைய 289 பிக்சல் ஆகிறது. இடம் 944ஐத் தொட்டதும் நான்காவது பத்தி முளைக்கும். நம் டேப்லெட்டின் 480இல் இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் 232. தலைப்பு வசதியாக நிற்கும். பட்டையை மூடிவிட்டால் இடம் 720 ஆகும், மூன்று பத்தி தானாகவே வரும். திரை அளவைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

டிசைனர் யோசிக்க வேண்டியது ஒரே ஒரு எண்ணைத்தான். இந்தக் கார்டு எந்த அகலத்துக்குக் கீழே போனால் படிக்க லாயக்கில்லாமல் போகும்? சந்தையில் இருக்கும் போன்களின் அளவுகளைப் பட்டியல் போடுவதைவிட இதற்குப் பதில் காண்பது சுலபம். ஒரு கார்டை மட்டும் வைத்து, நம்மிடம் இருப்பதிலேயே நீளமான தலைப்பைப் போட்டு, பிரவுசர் விண்டோவைக் குறுக்கிக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 224 பிக்சல் என்று நேராக எழுதாமல் ரெம்மில் எழுதியதற்குக் காரணம் உண்டு. பார்வை மங்கியவர்கள் பிரவுசர் செட்டிங்கில் எழுத்தை 24 பிக்சலாகப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு 14 ரெம் என்பது 336 பிக்சல். 900 பிக்சல் இடத்தில் மூன்று பத்திக்குப் பதில் இரண்டே வரும். எழுத்து பெரிதானால் கார்டும் பெரிதாக வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அவரே 360 பிக்சல் அகலப் போனில் பார்த்தால்? இருபுறமும் 16 பிக்சல் ஓரம் போக மிச்சம் 328. பத்தியோ 336க்குக் கீழே வர மறுக்கிறது. கார்டு 8 பிக்சல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கம் முழுவதும் பக்கவாட்டில் லேசாக ஆடும். போனில் கட்டைவிரலால் மேலே தள்ளும்போது பக்கம் இடம் வலமாக நழுவினால், பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்று ஓரத்தைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். திருத்தம் சின்னதுதான்:

```css
grid-template-columns:
  repeat(auto-fill,
    minmax(min(100%, 14rem), 1fr));
```

14 ரெம், அல்லது கிடைத்த மொத்த இடம், இதில் எது சிறியதோ அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள் என்கிறது `min()`. இடம் தாராளமாக இருக்கும்போது இதனால் எந்த மாற்றமும் இல்லை. நெருக்கடியில் மட்டும் கார்டு அடங்கி உட்காரும். 2020 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றுக்கொண்டதோடு முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் `min()` வந்துவிட்டது. இனி இதை விட்டுவிட்டு எழுதக் காரணமில்லை.

இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பலவற்றில் `auto-fill` இருக்கும் இடத்தில் `auto-fit` என்று இருக்கும். கார்டுகள் ஒரு வரிசையை நிரப்பும் வரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வாசகர் தேடல் பெட்டியில் எதையோ தட்ட, இரண்டே புத்தகங்கள் அகப்படும்போதுதான் குட்டு உடையும். 944 பிக்சல் இடத்தில் `auto-fill` நான்கு பத்தியைப் போட்டு, இரண்டில் புத்தகங்களை வைத்து, மற்ற இரண்டையும் காலியாக விட்டுவிடும். கார்டு எப்போதும் போல 224 பிக்சல்தான். `auto-fit` காலிப் பத்திகளைப் பூஜ்யமாகச் சுருக்கி, அந்த இடத்தையும் இருக்கிற இரண்டு கார்டுக்குப் பங்கு போடும். ஒவ்வொன்றும் 464 ஆகும். ஒரே புத்தகம் அகப்பட்டால் அந்த ஒற்றைக் கார்டு 944க்கு விரிந்து, அட்டைப்படம் திரை முழுக்க வந்து நிற்கும். கடைப் பக்கத்துக்கு `auto-fill`தான் சரி என்பது என் கட்சி. என்றைக்கும் மூன்றே கார்டு என்று நிச்சயமாக இருக்கும் முகப்புப் பக்கத்துக்கு `auto-fit` அழகாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத காலிப் பத்திகளைப் பார்க்க வேண்டுமானால், குரோமின் டெவலப்பர் கருவியில் அந்த உறுப்புக்குப் பக்கத்தில் `grid` என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். அதைச் சொடுக்கினால் கோடுகள் பக்கத்தின் மேலேயே வரைந்து காட்டப்படும்.

அதே கருவி இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். சுருக்கமாக இருக்கட்டும் என்று சிலர் `repeat(auto-fill, 1fr)` என்று எழுதுவார்கள். பங்கு மட்டும் சொல்லி அளவு சொல்லாவிட்டால் எத்தனை பத்தி என்று பிரவுசரால் எண்ண முடியாது. அந்த வரியையே அது தள்ளிவிடும், கார்டுகள் எவ்வளவு பெரிய திரையிலும் ஒரே பத்தியாக இறங்கும். கருவியில் அந்த வரி அடிக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை இருக்கும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. ‘மொழிபெயர்ப்புச்சிறுகதைத்தொகுப்பு’ என்று ஒரே மூச்சில் தலைப்பு வைப்பார்கள். நடுவில் இடைவெளி இல்லாததால் பிரவுசர் அதை மடிக்காது. பத்தியின் குறைந்தபட்ச அளவை நாம் நிர்ணயித்துவிட்டதால் பத்தியும் விரிந்து கொடுக்காது. சொல் கார்டைத் தாண்டி அடுத்த கார்டின் மேல் ஏறி உட்காரும். கார்டுக்கு `overflow-wrap: anywhere` என்று ஒரு வரி சேர்த்தால் சொல் தேவைப்படும் இடத்தில் உடைந்து அடுத்த வரிக்கு வரும். படங்களுக்கும் இதே கதைதான். 1200 பிக்சல் அகலப் படம் அடங்கி நிற்க அதற்கு `max-width: 100%` வேண்டும்.

பெரிய மானிட்டரில் நேர்மாறான தொல்லை. 1600 பிக்சல் இடம் கிடைத்தால் ஆறு பத்தி வந்துவிடும். நான்குக்கு மேல் வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் மீடியா குவெரி தேவையில்லை:

```css
minmax(
  min(100%, max(14rem, (100% - 3rem) / 4)),
  1fr)
```

நான்கு பத்திக்கு நடுவே மூன்று இடைவெளிகள், அதுதான் 3 ரெம். அதைக் கழித்து நான்கால் வகுத்த அளவுக்குக் கீழே எந்தப் பத்தியும் போகாது என்பதால் ஐந்தாவதுக்கு இடமே இராது. 1600இல் ஒவ்வொரு கார்டும் 388 பிக்சல். இடைவெளியை மாற்றினால் இந்த 3 ரெம்மையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இந்த முறையால் ஆகாததும் உண்டு. ஏழு புத்தகங்கள் மூன்று பத்தியில் வந்தால் ஏழாவது கடைசி வரிசையில் இடப்பக்கம் தனியாக நிற்கும், அதை நடுவுக்குக் கொண்டுவர கிரிட் தானாக எதுவும் செய்யாது. கார்டு அகலமானதும் படம் இடப்பக்கமும் எழுத்து வலப்பக்கமும் என்று உள்ளமைப்பே மாற வேண்டுமென்றாலும் இந்த ஒரு வரி போதாது. அதற்கு 2023 பிப்ரவரிக்குள் முக்கிய பிரவுசர்கள் அனைத்துக்கும் வந்துசேர்ந்த கன்டெய்னர் குவெரியைத்தான் நாட வேண்டும்.