அறைச் சாவிக்கு முன் பத்து நிமிடம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவார மாந்தோப்பு ஒன்றுக்குள் ஆறே அறைகள் கொண்ட விடுதி. மாலை ஐந்தரை மணிக்கு இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்து நின்றன. ஒன்றில் சிவகாசிக் குடும்பம், தாத்தா முதல் ஏழு வயதுப் பேத்தி வரை. மற்றதில் பெங்களூரிலிருந்து வந்த தம்பதி. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சாம்பல் நிற அணிலைப் பார்க்க வந்தவர்கள். எங்கள் எல்லோருக்கும் மோர் வந்தது, சாவி மட்டும் வரவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, வழிகாட்டி பேசத் தொடங்கினார்.

காட்டோர விடுதிகளில், கென்யாவானாலும் மசினகுடியானாலும், வந்தவர்களிடம் முதலில் இப்படிப் பேசுவது வழக்கம். சாவி கைக்கு வந்துவிட்டால் ஒருவர் குளிக்கப் போவார், ஒருவர் போனை சார்ஜில் போடப் போவார், பிறகு எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே பேசுவதற்கும் காரணம் உண்டு. பாதையையும் புதரையும் விரலால் சுட்டிக் காட்ட முடிய வேண்டும்.

அவர் புலியிலிருந்து தொடங்கவில்லை. இந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வந்தவர்கள் கேட்க ஆசைப்படுவதும் புலியைத்தான். ஆனால் அவர்களுக்கு எது முதலில் தேவைப்படுமோ அதைத்தான் அவர் முதலில் சொன்னார். "ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட வருவீங்க. அறையிலிருந்து இங்க எண்பது அடி. அந்த எண்பது அடியைத் தனியா நடக்காதீங்க. மணி அடிங்க, ஆள் வருவாங்க."

பிறகு டார்ச். செல்போன் விளக்கு அருகில் இருப்பதை மட்டும் வெளுப்பாகக் காட்டும், அதற்கு அப்பால் இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும். அதனால் ஒளியைக் குவிக்கும் டார்ச்தான் வேண்டும். முதலில் பத்தடி முன்னால் தரையில் அடிக்க வேண்டும், பாம்புக்காக. சில அடிகள் நடந்ததும் நின்று, இடுப்பு உயரத்தில் இரு பக்கமும் மெதுவாகத் திருப்ப வேண்டும். கண்கள் மின்னினால் அது மானோ மாடோ என்று ஆராயத் தேவையில்லை, வந்த வழியே திரும்பினால் போதும்.

யானைக்கு இந்த டார்ச் பெரிதாக உதவாது. இருபதடியில் நிற்கும் யானையை மரநிழல் என்று நினைத்துக் கடந்தவர்கள் உண்டு. கிளை முறியும் சத்தம், காது விசிறும் சத்தம், புதுச் சாணத்தின் வாடை ஆகியவைதான் அடையாளம். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றால், நாம் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். யானை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடியது. மேடுபள்ளத்தில், இருட்டில், செருப்புக் காலோடு அதை யாரும் முந்த முடியாது. ஆகவே தூரத்தில் தெரியும்போதே சத்தமில்லாமல் பின்வாங்கிச் சுவருக்குள் போய்விட வேண்டும்.

இதையெல்லாம் அவர் இரண்டு மொழியில் சொன்ன விதம்தான் என்னைக் கவர்ந்தது. முழுவதையும் தமிழில் முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகவில்லை. அப்படிச் செய்தால் ஒரு பாதிப் பேர் ஐந்து நிமிடம் சும்மா இருந்து கவனம் சிதறிவிடுவார்கள். ஒரு செய்தி தமிழில், உடனே அதே செய்தி ஆங்கிலத்தில், அதே கையசைவோடு, அதே குரலில். பெயர்கள் குழப்பும் இடத்தில் படம் காட்டினார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சிறுத்தையையும் புலி என்றே சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குச் சிறுத்தை என்றால் ஆப்பிரிக்காவில் ஓடும் சிவிங்கி நினைவுக்கு வரும். காட்டுமாட்டைப் பெங்களூர்க்காரர் பைசன் என்றார். அவசரத்தில் கத்துவதற்கு மட்டும் இரு தரப்புக்கும் ஒரே சொல்: "ஸ்டாப்." அதைக் கேட்டால் யாரானாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

"போன வருசம் யாரையோ மிதிச்சிருச்சாமே?" என்று தாத்தா கேட்டார். "அந்தக் கதை நாளைக்குக் காலைல பேசலாம்யா. இப்ப வழியைப் பாத்துக்கங்க" என்றார் வழிகாட்டி. அது சரியென்றே எனக்குப் பட்டது. பயந்தவர்கள் ஓடுவார்கள், ஓடக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பேச்சே.

அறைக்குள் தின்பண்டம் வைக்கக்கூடாது என்று சொல்லும்போது அரிக்கொம்பனை நினைவுபடுத்தினார். கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர் பெற்ற யானை அது. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து இதே காப்பகத்தின் மேகமலைப் பகுதிக்கு வந்து, மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே நுழைந்தது. ஜூனில் மீண்டும் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அரிசி வாடைக்கும் பலாப்பழ வாடைக்கும் கதவு தடையில்லை. கொண்டுவந்த பையெல்லாம் சமையற்கட்டின் இரும்பு அலமாரிக்குப் போயிற்று.

அந்தப் பைகளில் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸும் இருந்தது. "வந்தா ஒரு லட்சுமி வெடி போட்டா ஓடிராதா? வனத்துறையே வெடி போட்டுத்தானே விரட்டுறாங்க?" என்றார் குடும்பத் தலைவர். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்.

"அண்ணே, உங்க ஷெட்டுல கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"வெளிப்பக்கம்."

"ஏன்?"

"ஏதாச்சும் ஆனா தள்ளிக்கிட்டு வெளியே ஓடணும்ல."

"யானைக்கும் அப்படித்தாண்ணே ஒரு கதவு வேணும்."

வனத்துறையினர் வெடி போடும்போது கூட்டம் எங்கே நிற்கிறது, குட்டி உண்டா, காடு எந்தப் பக்கம் என்று பார்த்து, காட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்றுதான் போடுவார்கள். இருட்டில் விருந்தாளி வீசும் வெடிக்கு அந்தக் கணக்கு கிடையாது. யானை சத்தத்துக்கு எதிர்த்திசையில் பாயும், அந்தத் திசையில் அடுத்த அறையின் வாசல் இருக்கலாம். அடிக்கடி கேட்டால் வெடிக்குப் பயப்படுவதும் குறைந்துவிடும், பிறகு வனத்துறை போடும் வெடிக்கும் அது நகராது. கோடையில் ஒரு பொறி விழுந்தால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் நுழையும் மனிதருக்குப் பொறியைப் பற்றி விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக அறை. யானைக்கு அடுத்து இங்கே எண்ண வேண்டியது கட்டுவிரியனைத்தான். இரவில் எலியையும் மற்ற பாம்புகளையும் தேடி வரும். தரையில் தூங்குபவரின் மேல் ஏறி, அவர் புரளும்போது கடிக்கும். பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சு திணறுவது. அஜீரணம் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

தாத்தாவுக்குக் கட்டில் ஆகாது, பாய் விரித்துத் தரையில் படுத்தால்தான் முதுகுக்குச் சுகம். "ரெண்டு ராத்திரி மட்டும்யா" என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார். பாயைக் கட்டில் மேல் விரித்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகி, கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைத்துக் காட்டினார். காலையில் செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போட வேண்டும், தேளுக்காக.

சாவியை அவர் பேத்தியிடம் நீட்டினார். "பாப்பா, ராத்திரி வெளிய வரணும்னா என்ன செய்யணும்?"

"மணி அடிக்கணும்."

"யாரும் வரலைன்னா?"

சிறுமி யோசித்தாள். "திரும்ப அடிக்கணும்."

பெங்களூர்ப் பெண்ணிடமும் அதையே ஆங்கிலத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்த சாவியைக் கொடுத்தார்.

எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு எங்கள் அறை மணியை அடித்தேன். ஆள் வரவில்லை, அறைத் தொலைபேசிதான் ஒலித்தது. "தெற்கு மூலைப் பலாகிட்ட ஒண்ணு நிக்குதுங்க. அது போகட்டும். சாப்பாடு கொஞ்சம் லேட்டாகும்." அடுத்த அறையில் தொலைபேசி ஒலிப்பது சுவர் வழியே கேட்டது.