கட்டளை போய்ச் சேராத தசை

நல்ல பாம்பின் விஷம் நரம்பைத் தாக்கும்போது முதலில் இமைகள் சரியும். பிறகு பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது, தலை நிற்காது. கடைசியில் மூச்சு நிற்கும். கிள்ளினாலும் அசையாத உடலைப் பார்த்து உயிர் போய்விட்டதென்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவுக்கு அசைவின்மை போதுமான சாட்சி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, தென்னமெரிக்க அம்பு விஷமான கியூராரேவை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர் க்ளோத் பெர்னார் இதற்கு ஆதாரம் காட்டினார். தவளையின் ஒரு பின்னங்காலுக்குப் போகும் ரத்தத்தை மட்டும் கட்டி நிறுத்தி, நரம்பை விட்டுவைத்து, உடலில் விஷத்தை ஏற்றினார். மற்ற கால்கள் துவண்டன. ஆனால் விஷம் பரவிய இடத்தில் கிள்ளியபோது, கட்டிய கால் மட்டும் துள்ளியது! வலி உள்ளே போயிருக்கிறது. கட்டளையும் வெளியே வந்திருக்கிறது. துவண்ட காலின் தசையை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் அதுவும் சுருங்கியது. ஆக, பழுது நரம்பிலும் இல்லை, தசையிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

அங்கே நடப்பது இதுதான். மின்துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. சிறு பைகளில் காத்திருக்கும் அசிட்டைல்கோலின் வெளியே கொட்டுகிறது. தசையிலுள்ள ஒவ்வொரு ஏற்பியிலும் இரண்டு மூலக்கூறுகள் அமர்ந்தால்தான் அதன் வாய் திறந்து சோடியம் பாயும். கியூராரேவைப் போலவே நல்ல பாம்பின் நச்சும் அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது, ஏற்பியைத் திறப்பதில்லை. தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பதால், முக்கால் பங்கு அடைபடும்வரை தசை சமாளித்துவிடும். கடித்தவுடன் நன்றாக இருப்பவரை 'ஒன்றுமில்லை' என்று அனுப்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவளைக்குச் சரி, மனிதருக்கு? அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ஸ்மித், கியூராரேயின் சாரத்தைத் தன் உடலிலேயே ஏற்றச் செய்தார். முழுதாகச் செயலிழந்த நிலையிலும் நினைவும் வலியுணர்வும் மங்கவில்லை என்பதை அந்தச் சோதனை காட்டியது. 1947இல் அது வெளியானது. அவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆக்சிஜன் நின்றால் சில நிமிடங்களில் மூளை உண்மையாகவே சாகும். என் வாதம் அதுவரைக்குத்தான்.

விஷமுறிவு மருந்து கொடுத்தும் இமை எழவில்லையே என்பார்கள். அது ரத்தத்தில் திரியும் நச்சைப் பிடிக்கும். ஏற்பியில் ஒட்டிக்கொண்டதை எளிதில் பிடுங்காது. அங்கே உதவுவது நியோஸ்டிக்மின், கூடவே அட்ரோபின். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நியோஸ்டிக்மின் தடுப்பதால், அசிட்டைல்கோலின் குவிந்து இருக்கைக்குப் போட்டியிடும். நல்ல பாம்புக் கடியில் அரைமணி நேரத்துக்குள் இமை உயர்வதைப் பார்க்கலாம். கட்டுவிரியனில் பெரும்பாலும் பலிக்காது. அதன் விஷம் நரம்பு முனையையே சிதைப்பதால் குவிய அசிட்டைல்கோலினே இருக்காது. முனை மறுபடி வளரும்வரை, நாள்கணக்கானாலும், வென்டிலேட்டரைக் கழற்றக் கூடாது.