ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் இருக்க முடியாது

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் குளிர்காலம்தோறும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு நடக்கிறது. ஒரு சனி, ஞாயிறு மட்டும்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் பல கட்டடங்களில், டஜன் கணக்கான அரங்குகளில், அந்த இரண்டு நாள்களில் நூற்றுக்கணக்கான உரைகள் இணையாக ஓடிக்கொண்டிருக்கும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் போனால் பாதி நேரம் தாழ்வாரத்திலேயே கழிந்துவிடும்.

இதற்காகத்தான் இப்படிப்பட்ட மாநாடுகளின் செயலிகளில் ‘என் நிகழ்ச்சி நிரல்’ என்றொரு வசதி வைக்கிறார்கள். விரும்பும் உரையைத் தொட்டால் அது நம் பட்டியலில் சேரும். நேரம் மோதும் இன்னொன்றைத் தொட்டால் செயலி தடுக்க வேண்டும். அந்த மோதலை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் தோன்றும் வழி, புதிய உரையின் தொடக்க நேரம் பழைய உரைக்குள் விழுகிறதா என்று பார்ப்பது. இது பெரும்பாலும் சரியாக வேலை செய்வதுபோலத் தெரிவதால்தான் ஆபத்து. உங்கள் பட்டியலில் 10:30 முதல் 11:00 வரை ஓர் உரை இருக்கிறது. இப்போது 10:00 முதல் 12:00 வரை நடக்கும் ஒரு பயிலரங்கைச் சேர்க்கிறீர்கள். அதன் தொடக்கமான 10:00 பழைய உரைக்குள் விழவில்லை. செயலி அனுமதித்துவிடும். பயிலரங்கு அந்த உரையை முழுதாக விழுங்கியிருப்பது அதன் கண்ணில் படாது.

ஜேம்ஸ் ஆலன் என்ற கணினி அறிஞர் 1983-இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு கால இடைவெளிகள் ஒன்றோடொன்று 13 விதமாக மட்டுமே அமைய முடியும் என்று வகைப்படுத்தினார். அவற்றில் 9 மோதல்கள். மீதி 4-இல் மோதல் இல்லை: ஒன்று முடிந்து இடைவெளி விட்டு மற்றது தொடங்குவது, ஒன்று முடிந்த கணமே மற்றது தொடங்குவது, இவற்றின் மறுதலைகள். அந்த 9 மோதல்களையும் பிடிக்க ஒரே வரி போதும்:

```
a.start < b.end AND b.start < a.end
```

ஒவ்வோர் உரையும் மற்றது முடிவதற்குமுன் தொடங்கினால் மோதல் என்பதே இதன் பொருள். பயிலரங்கு 11:00-க்கு முன்பே தொடங்குகிறது. உரை 12:00-க்கு முன்பே தொடங்குகிறது. இரண்டும் உண்மை, ஆகவே தடுக்க வேண்டும். இங்கே ‘<’ குறிக்குப் பதில் ‘<=’ போட்டால் 10:50-க்கு முடியும் உரையும் 10:50-க்குத் தொடங்கும் உரையும் மோதுவதாகச் செயலி சொல்லும். கட்டடம் விட்டுக் கட்டடம் நடக்கும் நேரம் வேறு விஷயம். அதை எச்சரிக்கையாகக் காட்டலாம், தடையாக்கக் கூடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அரங்குகளாகவும் இருக்கலாம் அல்லவா?

அடுத்த சிக்கல் சேமிக்கும் இடத்தில் வருகிறது. ஒருவர் கைபேசியிலும் மடிக்கணினியிலும் ஏறக்குறைய ஒரே நொடியில் இரண்டு மோதும் உரைகளைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியே சோதிக்கும். அந்தக் கணத்தில் பட்டியல் காலியாக இருப்பதால் இரண்டையும் ஏற்கும். இதைத் தவிர்க்க, சோதனை தொடங்குமுன் அந்தப் பயனரின் பதிவைப் பூட்ட வேண்டும்:

```sql
SELECT id FROM attendee
WHERE id = 42 FOR UPDATE;
```

முதல் கோரிக்கை சோதித்து, சேமித்து, பூட்டைத் திறக்கும்வரை இரண்டாவது காத்திருக்கும். அதன் முறை வரும்போது பட்டியலில் முதல் உரை இருக்கும், மோதல் பிடிபடும்.

போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களில் நேரங்கள் மோதவே கூடாது என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு விதிக்கவும் முடியும். கேட்க இன்னும் உறுதியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இயங்க, உரையின் நேரத்தை ஒவ்வொருவரின் பட்டியலிலும் நகலெடுத்து வைக்க வேண்டும். விமானம் தாமதமான பேச்சாளருக்காக ஏற்பாட்டாளர் 10:50 உரையை 11:20-க்கு மாற்றினால் அந்த நகல்களும் மாற வேண்டும். யாரோ ஒருவர் பட்டியலில் 11:20-க்கு வேறு உரை இருந்தால், தரவுத்தளம் அந்த மாற்றத்தை மறுத்துவிடும். ஒரு பார்வையாளரின் விருப்பம் மாநாட்டின் கால அட்டவணையையே முடக்கிவிடுகிறது.

அதனால் பட்டியலில் உரையின் எண்ணை மட்டும் வைத்து, நேரத்தை எப்போதும் மூல அட்டவணையிலிருந்தே எடுப்பது நல்லது. பயனர் தேர்வு செய்யும்போது மோதலைத் தடுக்க வேண்டும். ஏற்பாட்டாளர் நேரத்தை மாற்றும்போது மோதலை அனுமதித்து, பாதிக்கப்பட்டவர்களைத் தேடி, இரண்டு உரைகளையும் காட்டி எதை வைத்துக்கொள்வது என்று கேட்க வேண்டும். செயலி தானாக ஒன்றை நீக்கினால், ஒருவர் அதற்காகவே ரயிலேறி வந்த உரையாக அது இருந்துவிடக்கூடும்.